நாயின் தட்டில் பச்சைக் கறி: நோயாளி உள்ள வீடுகள் அறிய வேண்டியவை

புற்றுநோய்க்கு மருந்து செலுத்தத் தொடங்கும் முன்னர் நோயாளியின் குடும்பத்தாரிடம் நாங்கள் சில கேள்விகளைக் கேட்பது வழக்கம். குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா, ஆடு மாடு கோழி வளர்க்கிறீர்களா என்பன அவற்றுள் சில. "நாய் ஒன்று இருக்கிறது" என்று விடை வந்தால், அடுத்த கேள்வி "அதற்கு என்ன உணவு கொடுக்கிறீர்கள்?" என்பதாகும். மனிதருக்கு மருத்துவம் பார்க்கும் இடத்தில் நாயின் உணவைப் பற்றி ஏன் கேட்கிறார்கள் என்று பலர் வியப்படைகின்றனர். அந்தக் கேள்விக்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனத் தொடரும் நம் பகுதி தோல் தொழிலால் வாழ்வது. இறைச்சி வணிகமும் இங்கு பரவலாக உண்டு. எலும்பு நீக்கிய துண்டுக்கறி, ஈரல், குடல், கோழிக்கால், கோழித்தலை ஆகியவை கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆகவே நாய்க்குக் கறி போடுவது இங்கு பழைய வழக்கமே. அண்மைக் காலத்தில் இதனுடன் ஒரு புதிய கருத்தும் சேர்ந்துள்ளது. நாய் ஓநாயின் வழிவந்தது, ஆகவே சமைக்காத இறைச்சியே அதற்கு உகந்தது என்பதே அக்கருத்து. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் வெளியிட்ட நூலின் வழியாக இது உலகெங்கும் பரவியது. இப்போது கைப்பேசியில் காணும் படக்காட்சிகள் வழியாக நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது.

நாயின் மீதுள்ள அன்பினால்தான் இவ்வாறு உணவளிக்கின்றனர் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அந்தத் தட்டில் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று நாயின் எலும்பைத் தாக்குவது. மற்றொன்று வீட்டிலுள்ள நோயாளியைத் தாக்குவது. இவ்விரண்டையும் ஒரு வீட்டை முன்வைத்து விளக்குகிறோம். இந்த வீடு எந்தத் தனிப்பட்ட குடும்பத்தையும் குறிப்பதன்று. பல வீடுகளில் காணப்படும் பழக்கங்களை ஒன்றுசேர்த்து அமைத்த எடுத்துக்காட்டு.

ஒரு வீடும் ஒரு நாய்க்குட்டியும்

ஆம்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது அந்த வீடு. மகன் தோல் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அறுபத்தெட்டு வயதான அவருடைய தாயாருக்கு நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய். மூன்று வாரத்திற்கு ஒருமுறை எங்களிடம் வந்து மருந்து ஏற்றிக்கொள்கிறார். மூன்று வயதுப் பேரன் நாள் முழுவதும் பாட்டியின் மடியில்தான் இருப்பான். வீட்டிற்கு நான்கு மாத லாப்ரடார் நாய்க்குட்டி ஒன்று வந்திருக்கிறது. எடை 10 கிலோ.

நாய்க்குட்டிக்கு நாள்தோறும் 300 கிராம் எலும்பில்லாத மாட்டிறைச்சியும் 400 கிராம் சோறும் கொடுக்கின்றனர். கறியைச் சமைப்பதில்லை. குடும்பத்திற்குக் கறி நறுக்கும் அதே அரிவாள்மனையில் நறுக்கி, சோற்றுடன் பிசைந்து வைக்கின்றனர். மீதியைக் குளிர்பதனப் பெட்டியில், திறந்த கிண்ணத்தில், தயிருக்குப் பக்கத்தில் வைக்கின்றனர். குட்டி கொழுகொழுவென்று வளர்கிறது, முடி பளபளக்கிறது. ஆயினும் இரண்டு வாரமாக அது படியேறத் தயங்குகிறது, தூக்கினால் கத்துகிறது.

கறியில் இல்லாத சத்து

இறைச்சியில் புரதம் நிறைய உண்டு. ஆனால் சுண்ணாம்புச் சத்து எனப்படும் கால்சியம் அதில் மிகக் குறைவு. காட்டில் வேட்டையாடும் விலங்கு தன் இரையின் எலும்பையும் சேர்த்தே உண்கிறது; அதன் கால்சியம் அந்த எலும்பிலிருந்து வருகிறது. கடையில் எலும்பை நீக்கிவிட்டு வாங்கும் கறியில் அந்தப் பகுதி இல்லை.

நம் எடுத்துக்காட்டு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் மாட்டிறைச்சியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் கால்சியமும் 200 மில்லிகிராம் பாஸ்பரஸும் உள்ளன. 100 கிராம் சோற்றில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் சுமார் 40 மில்லிகிராம். ஆகவே அந்தக் குட்டிக்கு ஒரு நாளில் கிடைப்பது 70 மில்லிகிராம் கால்சியமும் 760 மில்லிகிராம் பாஸ்பரஸும் ஆகும். அந்த உணவு ஏறத்தாழ 1000 கலோரி ஆற்றல் தருகிறது. 10 கிலோ எடையுள்ள வளரும் குட்டிக்கு அது போதும். ஆனால் 1000 கலோரி உண்ணும் வளரும் குட்டிக்குத் தேவையான கால்சியம் சுமார் 3000 மில்லிகிராம். வயிறு நிறைகிறது, எடை ஏறுகிறது. எலும்புக்கு வேண்டியதில் நாற்பதில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

"பால் கொடுக்கிறோமே" என்று பலர் கூறுவர். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. இந்தக் குறையைப் பாலால் மட்டும் நிரப்ப வேண்டுமானால் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் தேவைப்படும். 10 கிலோ குட்டி அவ்வளவு குடித்தால் வயிற்றுப்போக்கில்தான் முடியும்.

முட்டை ஓட்டுப் பொடி சேர்த்தால் என்ன? அதில் கால்சியம் மிகுதி. ஏழெட்டு கிராம் பொடியிலேயே 3000 மில்லிகிராம் கிடைத்துவிடும். ஆனால் முட்டை ஓட்டில் பாஸ்பரஸ் இல்லை என்றே சொல்லலாம். வளரும் குட்டிக்கு பாஸ்பரஸ் சுமார் 2500 மில்லிகிராம் தேவை. இந்த உணவில் இருப்பதோ 760 மட்டுமே. எலும்பு உருவாக இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, கால்சியம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். பொடியைச் சேர்த்தபின் கால்சியம் பாஸ்பரஸைவிட நான்கு மடங்காகிவிடுகிறது. ஒரு குறையை நீக்கி வேறொரு குறையை உண்டாக்கியதாகவே இது முடியும். அதுவுமன்றி, லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிகள் முதல் ஆறு மாதத்தில், மிகையாக வரும் கால்சியத்தைத் தள்ளிவிடும் திறன் பெற்றிருப்பதில்லை. அளவு மிகுந்தாலும் அவற்றின் எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். ஆகவேதான் "கொஞ்சம் கால்சியம் பொடி போடுங்கள்" என்று தோராயமாகக் கூறும் அறிவுரையை நாங்கள் ஏற்பதில்லை.

எலும்பு எவ்வாறு கரைகிறது?

இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் இரத்தத்தில் கால்சியம் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். உணவில் அது வரவில்லை என்றால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் மிகையாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கின்றன. அரிசி வாங்கப் பணமில்லாதவர் வீட்டு உத்தரத்தைக் கழற்றி விற்பதைப் போன்ற நிலை இது. அன்றைய தேவை நிறைவேறுகிறது, கூரையோ வலுவிழக்கிறது.

இதனால் ஒரு குழப்பமும் நேர்கிறது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியான அளவிலேயே காணப்படும். "கால்சியம் நார்மல்" என்ற தாளைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. எக்ஸ்ரே படத்தில்தான் உண்மை தெரியும்: எலும்பின் வெளிச்சுவர் தாள்போல் மெலிந்திருக்கும், சில இடங்களில் பச்சைக் குச்சியை வளைத்ததுபோல் பாதி முறிவுகள் காணப்படும்.

வெளியே தெரியும் அறிகுறிகள் இவை: குட்டி ஓடுவதைக் குறைத்துக்கொள்ளும், படுத்த இடத்திலேயே கிடக்கும், தூக்கினால் வலியால் கத்தும், முன்கால்கள் வளையும், நொண்டும். சோபாவிலிருந்து குதித்ததிலேயே கால் முறியவும் கூடும். முதுகெலும்பு அமுங்கினால் பின்னங்கால்கள் செயலிழக்கும். இவற்றைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டினால், ஓய்வும் சரியான உணவும் கொண்டே பெரும்பாலான குட்டிகள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. கடையில் வைட்டமின் டி மருந்தையோ மீனெண்ணெயையோ வாங்கித் தாமாகவே கொடுப்பது தீங்காக முடியலாம். வைட்டமின் டி மிகுந்தால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எலும்பில்லாத கறியின் குறை புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1889-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் சிங்கக் குட்டிகள் எலும்பு நோயால் அடுத்தடுத்து இறந்தன. அவற்றுக்குக் கொழுப்பற்ற குதிரைக்கறி மட்டுமே உணவாக இருந்தது. அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன் கூறியபடி, நொறுக்கிய எலும்பும் பாலும் மீனெண்ணெயும் சேர்த்துக் கொடுத்தபின் குட்டிகள் தேறின. சிங்கத்திற்கே கறி மட்டும் போதவில்லை.

கறியைச் சமைத்துக் கொடுத்தாலும் இந்தக் குறை நீங்குவதில்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். வீட்டில் சமைக்கும் உணவுக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் நூல்களிலும் இணையத்திலும் இருந்து நாய்களுக்கான 200 சமையல் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் 95 விழுக்காட்டில் இன்றியமையாச் சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. அக்குறிப்புகளுள் பல கால்நடை மருத்துவர்களே எழுதியவை. கண்ணளவில் சமைத்து இக்கணக்கைச் சரிசெய்ய இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

நாய்க்கு நோயில்லை, நோய் எங்கிருந்து வந்தது?

இனி இரண்டாவது இடருக்கு வருவோம். எங்களுக்கு மிகுந்த கவலை அளிப்பது இதுவே.

இறைச்சி வெட்டும்போது விலங்கின் குடலிலுள்ள கிருமிகள் கறியின்மேல் படிகின்றன. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர், சிலவகை ஈ.கோலை ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. நாம் கறியைக் கொதிக்க வைத்து உண்பதால் அவை அழிகின்றன. நாயின் தட்டில் அவை உயிருடனேயே சென்று சேர்கின்றன. கனடாவில் பச்சை இறைச்சி உண்ணும் நாய்களின் உணவை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், பத்து உணவு மாதிரிகளில் எட்டில் சால்மொனெல்லா இருந்தது. பத்து நாய்களில் மூன்றின் மலத்திலும் அது காணப்பட்டது.

"எங்கள் நாய் நன்றாகத்தானே இருக்கிறது? கிருமி இருந்தால் முதலில் அதற்கல்லவா பேதியாகும்?" என்பது இயல்பான கேள்வி. இதற்கும் ஆய்வு விடை தந்துள்ளது. கனடாவில் 16 நாய்களுக்கு சால்மொனெல்லா கலந்த பச்சை இறைச்சியை ஒரே ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்தனர். அவற்றுள் 7 நாய்கள் அடுத்த ஒரு வாரத்திற்குள் மலத்தில் அக்கிருமியை வெளியேற்றின. ஒரு நாய்க்கும் நோய் வரவில்லை. நாயின் நலத்தைப் பார்த்து வீடு பாதுகாப்பானது என்று முடிவுசெய்ய இயலாது என்பதே இதன் பொருள். நாள்தோறும் பச்சைக்கறி உண்ணும் நாயின் நிலை இன்னும் மோசமானது.

எடுத்துக்காட்டு வீட்டில் ஒரு நாள் காலையைத் தொடர்ந்து பார்ப்போம். மருமகள் அரிவாள்மனையில் நாய்க்குக் கறி நறுக்குகிறார். கையைத் தண்ணீரில் அலசிவிட்டு, அதே இடத்தில் தாயாருக்கு வெள்ளரிக்காய் நறுக்குகிறார். குட்டி தின்று முடித்து, தன் பின்புறத்தை நக்கிவிட்டுப் பேரனின் முகத்தை நக்குகிறது. பேரன் அந்தக் கையோடு பாட்டியின் தட்டிலிருந்து ஓர் இட்லித் துண்டை எடுக்கிறான். மீதியைப் பாட்டி உண்கிறார். தாயார் நாயைத் தொடவே இல்லை. ஆயினும் கிருமி அவரை அடைய இரண்டு வழிகள் திறந்திருந்தன.

வெளிநாடுகளில் நடந்தவை இதனை மெய்ப்பிக்கின்றன. 2017-இல் இங்கிலாந்தில் ஒரே வகை ஈ.கோலை கிருமியால் நான்கு பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். விசாரித்தபோது, அவர்களுள் மூவர் பச்சை இறைச்சி உண்ணும் நாய்களோடு தொடர்புடையவர்கள் என்று தெரிந்தது; அந்த உணவு மாட்டின் இரைப்பை. போட்டி என்று நாம் சமைத்து உண்ணும் அதே உறுப்புதான்.

குளிர்பதனப் பெட்டியும் கிண்ணமும்

உறைய வைத்த கறியில் கிருமி இறந்துவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. உறைநிலை கிருமியின் வளர்ச்சியை நிறுத்துகிறது, அதனைக் கொல்வதில்லை. உறைந்த கறி வெளியே உருகும்போது கிருமி மீண்டும் பெருகத் தொடங்குகிறது. 40 பாகையைத் தொடும் நம் வேலூர் வெயிலில் காலையில் வைத்த தட்டு நண்பகல்வரை முற்றத்தில் கிடந்தால், சில நூறு கிருமிகள் பல இலட்சம் ஆவதற்கு அந்த நேரம் போதும்.

நாயின் கிண்ணமும் எளிதில் தூய்மையாவதில்லை. சால்மொனெல்லா கலந்த கறியை வைத்த கிண்ணங்களைப் பலவகையில் கழுவிச் சோதித்த ஆய்வொன்றில், சோப்பிட்டுத் தேய்த்த பின்னரும் பல கிண்ணங்களில் கிருமி எஞ்சியிருந்தது. பிளாஸ்டிக் கிண்ணத்தின் கீறல்களில் அழுக்கு தங்கிவிடும். எவர்சில்வர் கிண்ணத்தைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவியபின், கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் மூழ்க வைப்பதே நம் வீடுகளுக்கு ஏற்ற வழி.

யாருக்கு இடர் மிகுதி?

நல்ல உடல்நலம் உள்ளவருக்கு சால்மொனெல்லா நான்கைந்து நாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்து போகலாம். எங்கள் நோயாளிகள் பலருக்கு அது அவ்வளவில் நிற்பதில்லை. புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தவர்களுக்கும், சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்றப்பட்டவர்களுக்கும், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்கும் கிருமி குடலைக் கடந்து இரத்தத்தில் கலக்கக்கூடும். கருவுற்றவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, முதியோர் ஆகியோரும் இவ்வரிசையில் அடங்குவர். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருமியை அழிக்கும் முதல் காவல் வயிற்று அமிலமே.

குடல், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைப் பச்சையாகப் போடுவதில் வேறோர் இடரும் உண்டு. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சிலவேளை நீர்க்கட்டிகள் இருக்கும். அவற்றைத் தின்னும் நாயின் குடலில் சிறு நாடாப்புழுக்கள் வளர்ந்து, மலத்தில் முட்டைகளை வெளியிடும். அம்முட்டை மனிதரின் வயிற்றை அடைந்தால் ஈரலில் ஹைடாடிட் என்னும் கட்டி உண்டாகி, ஆண்டுகள் கழித்து அறுவை மருத்துவம் வரை கொண்டுசெல்லும்.

தோல் துண்டுகளைப் பற்றி ஒரு சொல்

தோல் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் சிலர் கழிவுத் துண்டுகளை நாய் கடிக்கட்டும் என்று வீட்டிற்கு எடுத்து வருகின்றனர். இதனை முற்றிலும் தவிர்க்க வேண்டும். முடி நீக்குவதற்காகச் சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறிய தோல் வாயையும் உணவுக்குழலையும் புண்ணாக்கும். நீலநிறமாகப் பதனிட்ட துண்டில் குரோமியம் இருக்கிறது; அது உணவன்று. நாய் கடிப்பதற்கென்றே செய்யும் மெல்லுதோல் பதனிடாத தோலின் உள்ளடுக்கைச் சுண்ணாம்பு போகக் கழுவி உலர்த்திச் செய்வது. அதுவும் சூடேற்றிக் கிருமி நீக்கப்படாவிட்டால் பச்சைக்கறிக்கு நிகரே. அமெரிக்காவில் 2019-இல் நாய்களுக்கு விற்ற உலர்த்திய பன்றிக்காதுகளோடு தொடர்புபடுத்தப்பட்ட சால்மொனெல்லாவால் 150-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயாளி உள்ள வீட்டில் இவை எவ்வகையிலும் வேண்டா.

அந்த வீட்டிற்கு நாங்கள் கூறுவது

நாயை வெளியேற்றச் சொல்வதில்லை. மருந்தின் சோர்வில் நாள் முழுதும் வீட்டிலிருக்கும் தாயாருக்கு அக்குட்டி பெருந்துணை என்பதை நாங்கள் அறிவோம். மாற்ற வேண்டியது உணவை மட்டுமே.

முதலாவதாக, அன்றே பச்சைக்கறியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பின்னரும் சில வாரங்கள் வரை நாயின் மலத்தில் கிருமி வெளிவரலாம்; ஆகவே கைகழுவும் ஒழுங்கை உடனே தளர்த்தக் கூடாது.

இரண்டாவதாக, குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கால்களை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது என்ன உண்டது, எத்தனை கிராம், எத்தனை வாரம் என்பதைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவர் விரைவில் காரணத்தைக் கண்டறிவார். வலி தீரும்வரை படியேறவும் குதிக்கவும் விடக் கூடாது.

மூன்றாவதாக, வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கென முழுமைச் சத்துடன் தயாரித்த உலர் உணவே முதன்மை உணவாக வேண்டும். அதற்குமேல் கால்சியம் பொடி சேர்க்கக் கூடாது. ஆசைக்குக் கறி கொடுக்கலாம். வெங்காயமும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்தது, நாளொன்றுக்கு 60 கிராமுக்கு மிகாமல். அது அன்றைய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே உணவின் சமநிலை கெடாது. கடையில் வாங்கும் உணவுக்கு ஆகும் செலவு எல்லாக் குடும்பத்திற்கும் எளிதன்று. அத்தகையோர் சோறும் வெந்த கறியும் சமைக்கலாம். ஆனால் எந்தத் தாதுக்கலவையை எத்தனை கிராம் சேர்ப்பது என்று அரசு கால்நடை மருத்துவமனையில் எழுதி வாங்கி, தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். மாட்டுக்கு விற்கும் தாதுக்கலவையைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நான்காவதாக, கறியைச் சமைக்கும் முறை. சிறு துண்டுகளாக நறுக்கி, கொதி வந்தபின் இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும். உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. எலும்புடன் வேகவைத்தால் எலும்பை நீக்கிவிட வேண்டும். வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். பிரியாணியில் மிஞ்சிய எலும்பும் அவ்வாறே. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கும்.

ஐந்தாவதாக, கறி நறுக்கத் தனிக் கத்தியும் பலகையும் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் கறியை மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். அப்போதுதான் அதன் நீர் பிற உணவின்மேல் சொட்டாது. நாய் உண்டு முடித்தவுடன் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். குடும்பத்தின் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவக் கூடாது.

ஆறாவதாக, நாய்க்கு உணவு வைப்பதும் மலம் அள்ளுவதும் தாயாரின் வேலையாகவோ பேரனின் வேலையாகவோ இருக்கக் கூடாது. முகத்தை நக்க விடக் கூடாது. நாயைத் தொட்டபின்னும் உண்பதற்கு முன்னும் சோப்பிட்டு இருபது நொடி கைகழுவ வேண்டும்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

புற்றுநோய் மருந்து பெறுபவருக்குக் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் அளவைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டா; இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். உறுப்பு மாற்றப்பட்டவருக்கு வயிற்றுப்போக்கு ஒரு நாளைக் கடந்தாலும், யாருக்காயினும் மலத்தில் இரத்தம் கண்டாலும், குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலும் உடனே வாருங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கிருமியால் வந்த பேதியில் அது தீங்கு செய்யக்கூடும்.

அப்போது மறவாமல் ஒரு செய்தியைக் கூறுங்கள்: "எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது; அது பச்சைக்கறி உண்டது." கேட்காவிட்டாலும் கூறுங்கள். மலத்தையும் இரத்தத்தையும் எந்தக் கிருமிக்காகச் சோதிப்பது, எந்த மருந்தை முதலில் தொடங்குவது என்பதை அந்த ஒரு வாக்கியம் மாற்றக்கூடும்.